பத்துக்குப் பூஜ்யம்

ஒரு கணக்கு தர்றேன். மேல படிக்கிறதுக்கு முன்னாடி முடிஞ்சா ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. ப்ளஸ் ஒன் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

2 கிலோ எடையுள்ள ஒரு கட்டை, 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சாய்தளத்தின் உச்சியிலிருந்து ஓய்வுநிலையில் விடப்படுகிறது. கீழே வந்ததும் கிடைத்தளத் தரையில் சறுக்கிச் சென்று நிற்கிறது. வளைவில் வேகம் குறையவில்லை. இரண்டு பரப்பிலும் உராய்வுக் குணகம் 0.2. g = 10 மீ/வி². (அ) சாய்தளத்தில் முடுக்கம் என்ன? (ஆ) அடிவாரத்தில் வேகம் என்ன? (இ) தரையில் எவ்வளவு தூரம் போய் நிற்கும்?

விடை: 4.4 மீ/வி², 6.63 மீ/வி, 11 மீ.

போன வருஷம் இந்தக் கணக்கை எழுதினது நான்தான். எங்க காலேஜ் பக்கத்துல இருக்கிற ஒரு அரசுப் பள்ளியில சனிக்கிழமை சனிக்கிழமை நாங்க சில பேர் போய்ப் பாடம் எடுப்போம். ஸ்பெஷல் வகுப்புக்கு 20 பேரைத் தேர்ந்தெடுக்க 50 மார்க்குக்கு ஒரு டெஸ்ட் வெச்சோம். 46 பேர் எழுதினாங்க. அதுல கடைசிக் கேள்வி இது, பத்து மார்க்.

டெஸ்ட்டுக்கு முதல் நாள் ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து விடைத்தாள் தயார் பண்ணேன். இந்தக் கேள்விக்கு நான் எழுதினது மொத்தமே ஒரு வரி: "அ) 4.4 – 3 மார்க், ஆ) 6.63 – 3 மார்க், இ) 11 – 4 மார்க்." அவ்வளவுதான். அதை மார்க்கிங் ஸ்கீம்னு நான் நெனச்சேன். மூணு பேர் பேப்பரைப் பிரிச்சுத் திருத்தி, மறுநாளே லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பொண்ணு பேப்பரை எடுத்துக்கிட்டு வந்தா. அவளுக்கு 50-க்கு 19. இருபதாவது இடத்துல இருந்தவருக்கு 24. கடைசிக் கேள்வியில அவளுக்குப் பூஜ்யம்.

"அண்ணா, நான் ஒரே ஒரு தப்புதானே பண்ணிருக்கேன்? எதுக்கு பத்து மார்க்கும் போச்சு?"

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். சாய்தளத்தில் செங்குத்து விசை, அதான் நாம நார்மல் ஃபோர்ஸ்னு சொல்றது, அதை அவ N = mg = 20 நியூட்டன்னு எழுதியிருந்தா. N = mg cos θ = 16 நியூட்டன்னு வரணும். அந்த ஒரு இடம்தான் தப்பு. அதுக்கப்புறம் உராய்வு 0.2 × 20 = 4. கீழ்நோக்கி இழுக்கிற விசை mg sin θ = 12, அது சரி. 12 − 4 = 8, முடுக்கம் 4. அடுத்து v² = 2 × 4 × 5 = 40, வேகம் 6.32. தரையில எதிர்முடுக்கம் 2, தூரம் 40 ÷ 4 = 10 மீட்டர். ஒவ்வொரு வரியும் முந்தின வரியிலிருந்து ஒழுங்கா வந்திருக்கு. ஆனா மூணு விடையும் என் லிஸ்ட்டுல இல்ல. 4.4 இல்ல, 6.63 இல்ல, 11 இல்ல. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

எனக்கு அப்பவே ஞாபகம் வந்தது, வேற ஒரு பேப்பர்ல இதே மாதிரி ஒண்ணு பார்த்தோமேன்னு. தேடி எடுத்தேன். ஒரு பையன் சாய்தளத்துல எல்லாம் சரியா போட்டிருந்தான், தரைக்கு வந்தப்பவும் அதே 16 நியூட்டனையே வெச்சுக்கிட்டான். தரையில செங்குத்து விசை 20 ஆயிடும்னு கவனிக்கல. உராய்வு 3.2, எதிர்முடுக்கம் 1.6, தூரம் 44 ÷ 3.2 = 13.75 மீட்டர். அவனுக்கு நாங்க போட்டது 6. மொத்தம் 25 வாங்கி உள்ளே வந்துட்டான்.

ரெண்டு பேரும் பண்ணது ஒரே வகைத் தப்பு. செங்குத்து விசையை ஒரு இடத்துல தப்பா எடுத்தாங்க. அவ முதல் வரியில தடுக்கி விழுந்தா, அவன் கடைசிப் பகுதியில தடுக்கி விழுந்தான். என் விடைத்தாள் அளந்தது என்ன தெரியுமான்னு இல்ல. தப்பு எந்த வரியில வந்ததுன்னு மட்டும்தான் அளந்திருக்கு.

அன்னைக்கு சாயங்காலமே மூணு பேரும் உக்காந்து ஸ்கீமை முதல்ல இருந்து எழுதினோம். நீங்களும் ஜூனியர்ஸுக்கோ தம்பி தங்கச்சிக்கோ டெஸ்ட் வெக்கிற ஆளா இருந்தா, நாங்க எழுதினதைப் பாருங்க.

முதல் வேலை, விடையை மறந்துட்டு, "இந்தக் கணக்கைப் போட ஒருத்தருக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்"னு பிரிக்கிறது. ஒவ்வொரு தனி அறிவுக்கும் ஒரு மார்க். இப்படி வந்தது:

(அ) 4 மார்க்
1. சாய்தளத்தில் N = mg cos θ = 16 நியூட்டன்.
2. உராய்வு = μ × அவங்க எழுதின N. (சரியானது 3.2)
3. சாய்தளம் வழியே mg sin θ − உராய்வு = ma. கூறும் சரியா இருக்கணும், உராய்வின் திசையும் சரியா இருக்கணும்.
4. 4.4 மீ/வி².

(ஆ) 2 மார்க்
5. v² = 2as-ல் அவங்க முடுக்கத்தையும் 5 மீட்டரையும் போட்டது.
6. அவங்க முடுக்கத்துக்கு வர வேண்டிய வேகம். (சரியானது 6.6 அல்லது 6.63)

(இ) 4 மார்க்
7. தரையில் N = mg = 20 நியூட்டன்.
8. அவங்க N-இலிருந்து உராய்வு அல்லது எதிர்முடுக்கம். (சரியானது 4 நியூட்டன் அல்லது 2 மீ/வி²)
9. நிற்கும் வரை உள்ள சமன்பாட்டில் அவங்க வேகத்தைப் போட்டது.
10. அவங்க வேகத்துக்கு வர வேண்டிய தூரம். ஆனா இந்தப் பகுதியிலேயே புதுத் தப்பு இருந்தா கிடையாது. (சரியானது 10.8 முதல் 11.1 மீட்டர் வரை)

"அவங்க" என்ற சொல் எத்தனை தடவை வருதுன்னு பாருங்க. ஸ்கீமோட உயிரே அங்கதான் இருக்கு. கேம்பிரிட்ஜ், ஐபி மாதிரி தேர்வுகளோட ஸ்கீம்ல இதுக்கு 'எரர் கேரிட் ஃபார்வர்ட்'னு பேர், சுருக்கமா ஈசிஎஃப்னு எழுதுவாங்க. ஒரு தப்புக்கு அது நடந்த இடத்துல ஒரு தடவை மார்க் குறைக்கணும், அது கீழே ஓடி வர்ற இடத்துல எல்லாம் திரும்பத் திரும்பக் குறைக்கக் கூடாது. நாங்க வெச்ச எல்லை இது: தப்பு நடந்த அதே பகுதியோட விடை மார்க் போயிடும், அடுத்த பகுதியிலிருந்து அவங்க எண்ணையே சரின்னு வெச்சுத் திருத்தணும்.

இப்போ அந்தப் பொண்ணு பேப்பர். (அ)-ல முதல் மார்க் இல்ல, ரெண்டும் மூணும் உண்டு, விடை மார்க் இல்ல: 2. (ஆ)-ல 6.32 அவளோட முடுக்கத்துக்குச் சரி: 2. (இ)-ல 10 மீட்டர் அவளோட வேகத்துக்குச் சரி: 4. மொத்தம் 8. அந்தப் பையனுக்கு (அ) 4, (ஆ) 2, (இ)-ல ஏழாவது மார்க்கும் விடை மார்க்கும் போய் 2. மொத்தம் 8. ஒரே தப்பு, ஒரே மார்க். அவளோட மொத்தம் 19-லிருந்து 27 ஆச்சு.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். முடியல. ஸ்கீம் எழுதினா போதாது, அதை வெச்சு ரெண்டு பேர் ஒரே பேப்பரைத் திருத்தி ஒரே மார்க் வருதான்னு பார்க்கணும். அஞ்சு பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து, ஒருத்தர் போடுறது இன்னொருத்தருக்குத் தெரியாம, மூணு பேரும் தனித்தனியா திருத்தினோம். ரெண்டு பேப்பர்ல எங்களுக்குள்ள ஒத்து வந்தது. மூணுல வரல. அந்த மூணும் எங்களுக்கு நிறைய சொல்லிக்கொடுத்தது.

முதல் பேப்பர்ல N = 16-ன்னு தனி வரியே இல்ல. நேரா "உராய்வு = 0.2 × 16 = 3.2"ன்னு இருந்தது. நான் மார்க் போட்டேன், ஃப்ரெண்ட் போடல. "எழுதலையே?" அப்படின்னான். 16 எங்கிருந்து வந்தது, வானத்துல இருந்தா? அடுத்த வரி அந்த அறிவைக் காட்டினா, எழுதாத வரிக்கும் மார்க் உண்டுன்னு ஸ்கீம்ல சேர்த்தோம். அதே நேரம், இதுக்கு நேர் எதிரா ஒண்ணையும் சேர்த்தோம். இயக்கச் சமன்பாடு மூணையும் வரிசையா எழுதி வெச்சுட்டு எதுலயும் எண் போடாம விட்டவங்களுக்கு மார்க் இல்ல. "ஃபார்முலா எழுதினா ஒரு மார்க்"னு நாம எல்லாரும் கேட்டு வளர்ந்தவங்கதான். ஆனா மூணு ஃபார்முலாவையும் எழுதினவருக்கு, இந்த இடத்துக்கு எது பொருந்தும்னு தெரியும்னு எப்படிச் சொல்ல முடியும்? அவங்க எண்ணைப் போட்டுக் காட்டினாத்தான் தேர்ந்தெடுத்தது தெரியும். அதனாலதான் அஞ்சாவது மார்க்ல "போட்டது"ன்னு எழுதியிருக்கோம்.

ரெண்டாவது பேப்பர்ல சைனும் கொசைனும் இடம் மாறிடுச்சு. N = mg sin θ = 12, உராய்வு 2.4, இழுக்கிற விசை 16. முடுக்கம் 6.8, வேகம் 8.25, தூரம் 17 மீட்டர். இதுக்கு மூணு பேரும் மூணு மார்க் போட்டிருந்தோம். ஒருத்தன் சொன்னான்: "ஒரே தப்புதானே, இதுக்கும் 8." இன்னொருத்தன்: "சாய்தளத்துல விசையைப் பிரிக்கவே தெரியல, இதுக்கு எதுக்கு 8?" கடைசியில பதில் ஸ்கீம்லயே இருந்தது. முதல் மார்க் தளத்துக்குச் செங்குத்தான கூறுக்கு, மூணாவது மார்க் தளம் வழியான கூறுக்கு. N = mg எழுதின பொண்ணு ரெண்டாவதைச் சரியா எழுதினா. இவருக்கு ரெண்டும் தப்பு. அதனால (அ)-ல உராய்வுக்கு மட்டும் 1, மத்ததுக்கு 2-ம் 4-ம், மொத்தம் 7.

இந்தப் பேப்பர்ல இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? 3 மீட்டர் உயரத்துல இருந்து உராய்வே இல்லாம வந்தாக்கூட வேகம் √(2 × 10 × 3) = 7.75-தான். உராய்வோட வந்து 8.25 எப்படி வரும்? நடக்கவே முடியாத விடை. இதை எழுதின மாணவர் கவனிச்சிருக்கலாம், நிஜம்தான். ஆனா "உன் விடை சாத்தியமா, சரிபார்"னு நாங்க கேள்வியில கேக்கல. கேக்காத ஒண்ணுக்கு மார்க் குறைக்கிறது நியாயம் இல்லன்னு விட்டோம். அடுத்த டெஸ்ட்டுல கேட்டோம், அதுக்கு ஒரு மார்க்கும் கொடுத்தோம்.

மூணாவது பேப்பர்தான் என்னைக் கூனிக் குறுக வெச்சது. (அ)-வும் (ஆ)-வும் காலி. (இ)-ல ரெண்டே வரி:

60 − 16 = 4d
d = 11 மீ

பழைய முறையில விடைக்கு 4 மார்க் கொடுத்திருந்தோம். புது ஸ்கீம்படி என் ஃப்ரெண்ட் அதையும் குறைச்சு 1 போட்டான். ஏழு, எட்டு, ஒன்பது எதுவும் பேப்பர்ல இல்லையாம். விடை மட்டும் இருக்காம், பக்கத்துல பார்த்து எழுதியிருக்கலாமாம். ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சது. 60 ஜூல் என்பது mgh. 16 ஜூல் என்பது சாய்தளத்துல உராய்வு சாப்பிட்டது, 3.2 × 5. மீதி 44 ஜூலைத் தரையில 4 நியூட்டன் உராய்வு தின்னு தீர்க்கணும். 44 ÷ 4 = 11. முடுக்கமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். என்னைவிட அழகாப் போட்டிருக்கார். என் ஸ்கீமுக்குத்தான் அது கண்ணுல படல, ஏன்னா நான் கணக்கை ஒரே வழியில போட்டுப் பார்த்துட்டு ஸ்கீம் எழுதினேன்.

அதனால (இ)-க்கு ரெண்டாவது பாதை எழுதினோம்: mgh-க்கு ஒண்ணு, சாய்தள உராய்வு செஞ்ச வேலைக்கு ஒண்ணு, தரை உராய்வு வேலைக்கு ஒண்ணு, விடைக்கு ஒண்ணு. அந்த மாணவருக்கு 4. அ, ஆ ரெண்டுக்கும் எதுவும் இல்ல, அவர் எழுதல. ஒரு கணக்கை ஸ்கீமாக்கறதுக்கு முன்னாடி குறைஞ்சது ரெண்டு வழியில போட்டுப் பார்க்கணும்னு அன்னைக்குக் கத்துக்கிட்டேன். இன்னொரு லாபமும் உண்டு. ஆற்றல் வழியில போட்டா 3 = 0.2 × (4 + d)-ன்னு சுருங்கிடும். அதுல m-ம் இல்ல, g-யும் இல்ல. அதாவது ஒருத்தர் g = 9.8 போட்டாலும் தூரம் 11-தான் வரும், முடுக்கமும் வேகமும்தான் மாறும். அதனால 9.8 போட்டவங்களுக்கு 4.31-ம் 6.57-ம் ஏத்துக்கலாம்னு முன்கூட்டியே எழுதி வெச்சோம். தசமத்தைச் சுருக்கி 6.6 போட்டா 10.89 வரும். விடைக்கு 10.8-லிருந்து இடம் விட்டது அதுக்குத்தான். அலகு விட்டுப்போனா முழுக் கணக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு மார்க்தான் குறையும், மூணு தடவை குறையாது.

இவ்வளவு செஞ்சும் ஸ்கீமால பிடிக்க முடியாத ஒண்ணு மிச்சம் இருந்தது. அந்தப் பொண்ணுக்கு ஏழாவது மார்க் கொடுத்தோம்ல, தரையில N = mg-க்கு? அவ எல்லா இடத்துலயும் N = mg-தான் எழுதறா. தரையில அது சரியா அமைஞ்சது தெரிஞ்சா, தற்செயலா? பேப்பரைப் பார்த்துச் சொல்ல வழியே இல்ல. அதனால அவளையே கேட்டேன், ஏன்மா சாய்தளத்துல mg போட்டேன்னு.

"செங்குத்து விசைன்னா நேரா மேல நோக்கித்தானே அண்ணா? செங்குத்தா நிக்குதுன்னு சொல்வோம்ல?"

எனக்கு பதில் வரல. வகுப்புல அந்தச் சொல்லைச் சொன்னது நான்தான். தமிழ்ல சுவர் செங்குத்தா நிக்குதுன்னு சொல்றதும் செங்குத்துதான், ஒரு கோட்டுக்குத் தொண்ணூறு டிகிரில இருக்கிறதும் செங்குத்துதான். தரையில ரெண்டும் ஒண்ணு. சாய்தளத்துலதான் ரெண்டும் பிரியுது. "தளத்துக்குச் செங்குத்து"ன்னு நான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கணும். நாங்க மறுபடி திருத்தின 46 பேப்பர்ல அவ மாதிரி N = mg எழுதினவங்க இன்னும் 8 பேர். அத்தனை பேரும் என் வகுப்புல உக்காந்தவங்க.

இந்த ஓட்டையை ஸ்கீமை மாத்தி அடைக்க முடியாது, கேள்வியைத்தான் மாத்தணும். இப்போ அந்தக் கணக்குல (அ)-வுக்கு முன்னாடி ஒரு பகுதி இருக்கு: "சாய்தளத்திலும் தரையிலும் கட்டையின் மீது செயல்படும் விசைகளைப் படம் வரைந்து காட்டுக." சாய்தளப் படத்துல அம்புக்குறி நேரா மேல போனா, தப்பு எங்கேன்னு உடனே தெரியும். கேள்வித்தாளை அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கீமை எழுதியிருந்தா, ஏழாவது மார்க்கை எழுதும்போதே இது கண்ணுல பட்டிருக்கும். நான் கேள்வியை முதல்ல அச்சடிச்சுட்டு, விடையை ராத்திரி எழுதினவன்.

மறுபடி திருத்தினதுல மூணு பேர் புதுசா உள்ளே வரணும். லிஸ்ட்டுல பேர் வந்தவங்க மூணு பேரை எடுக்க எங்களுக்கு மனசு வரல. 23 பேரா எடுத்துக்கிட்டோம், பெஞ்சு பத்தாம ரெண்டு பேர் ஜன்னல் திண்ணையில உக்காந்தாங்க. பேப்பரோட வந்த பொண்ணு வந்தா. ரெண்டு வரியில 11 மீட்டர் எழுதின பையனும் அந்த மூணுல ஒருத்தன், அவனும் வந்தான். மூணாவது ஆள் வரல. லிஸ்ட்டுல பேர் இல்லைன்னதும் சனிக்கிழமைகள்ல மாமா கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டானாம். வீட்டுல போய்ப் பேசினோம். அந்த வாரக் கூலி வீட்டுக்கு ஏற்கனவே பழகிடுச்சு.

அவனோட பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு. முதல் வரியில N = mg. அதுக்குக் கீழே ஒரு தப்பும் இல்ல.